பெட்டியும் பூட்டும் ஒரே லோடில் வந்தால் அடக்க விலை எப்படிப் போடுகிறீர்கள்?

துறைமுகவாசி:
நான் க்ளியரிங் பார்த்துக் கொடுக்கும் ஒருவர் 1000 பிளாஸ்டிக் பெட்டி (ஒன்று 2 டாலர்), 1000 பூட்டு (ஒன்று 6 டாலர்) இறக்கினார். பகிர்வு கண்டெய்னர், மொத்தம் 10 கன மீட்டர். ஃபிரைட் 1200, இன்சூரன்ஸ் 80, க்ளியரிங் 400, சுங்க வரி, ஃபிரைட்டும் இன்சூரன்ஸும் சேர்ந்த மதிப்பில் 10 சதவீதம். எல்லாச் செலவையும் சரக்கின் விலை விகிதத்தில் பிரித்ததில் பெட்டியின் அடக்கம் 2.65 வந்தது. 3.25க்கு விற்று, அடுத்த ஆர்டரை இரட்டிப்பாக்கப் போனார்.

லாரிக் கதவைத் திறந்தபோது உள்ளே முழுக்கப் பெட்டிதான். பூட்டு ஒரு மூலையில் கிடந்தது. 10 கன மீட்டரில் 8 பெட்டியுடையது. ஃபிரைட் வசூலித்ததே கன மீட்டருக்குத்தான். ஃபிரைட்டையும் க்ளியரிங்கையும் இடத்தின்படி பிரித்தால் பெட்டிக்கு 0.96, 0.32 விழுகிறது. இன்சூரன்ஸும் வரியும் சேர்ந்து அடக்கம் 3.60. ஒவ்வொரு பெட்டியிலும் 35 சென்ட் போகிறது. பூட்டு லாபம் அதை மறைத்துவிட்டது.

மொத்தவிலை:
எதற்கு இவ்வளவு தலைவலி? சிஐஎஃப் விலையில் வாங்குங்கள், ஃபிரைட்டும் இன்சூரன்ஸும் சப்ளையர் பாடு. நான் அப்படித்தான் செய்கிறேன்.

துறைமுகவாசி:
உங்கள் துறைமுகம் வரைக்கும்தான் அது. கொஞ்சமாக வரும் சரக்கில் அந்தப் பக்கம் ஃபிரைட்டை அடிமாட்டு விலைக்குக் காட்டிவிட்டு, இந்தப் பக்கம் டெலிவரி ஆர்டர், கிடங்கில் பிரிக்கும் கூலி என்று வசூலிப்பார்கள். ஆர்டர் போடும் முன்பே இங்குள்ள ஏஜென்டிடம் அந்தக் கட்டணப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்.

பேரேடு:
இடத்தின்படி பிரித்தது சரி. ஆனால் 3.60 சரியில்லை. சுங்கத் தாக்கலில் ஃபிரைட்டை விலை விகிதத்தில் காட்டியிருந்தால் பெட்டிக்குக் கட்டிய வரி 23 சென்ட்தான்; நீங்கள் 30 என்று போட்டிருக்கிறீர்கள். வரியை நாமாகக் கணக்கிடவே கூடாது, தாக்கலில் அந்த வரிசைக்கு எதிரே உள்ள தொகையை அப்படியே எடுக்க வேண்டும். அப்போது 3.53. இன்சூரன்ஸ் விலை விகிதத்தில்தான் போக வேண்டும், பிரீமியமே மதிப்புக்குத்தான். க்ளியரிங்கில் ஆவணக் கட்டணம் இடத்தைப் பொறுத்ததில்லை, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். திரும்பப் பெறக்கூடிய வரியை அடக்கத்தில் சேர்க்காதீர்கள். அப்புறம், 1000 ஆல் வகுக்கும் முன் விற்கக்கூடியதாக எத்தனை வந்தது என்று எண்ணுங்கள்.

கப்பல்பாதை:
எங்களுக்கு ஆவணம் தாமதமாகி டெமரேஜ் விழுந்தது. அதையும் சரக்கின் மேல் ஏற்றிவிட்டார்கள். அடுத்த லோடுக்கு விலை சொன்னபோது வாங்குபவர் போய்விட்டார்.

பேரேடு:
அது அந்த மாதச் செலவு, சரக்கின் அடக்கம் அல்ல.

மொத்தவிலை:
கையிலிருந்து போன காசு எப்படி அடக்கம் ஆகாது? விலையில் வராவிட்டால் வேறு யார் கொடுப்பது?