‘இருப்பாய்வு’ வேண்டாம் என்றால் வேறென்ன சொல்?

மதுரை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். கடை ஊழியர்களுக்கான கணக்குக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குறிப்பேடு, பேரேடு, எடுத்தெழுதுதல் எதுவும் வகுப்பில் இடறவில்லை. பேரேட்டுக் கணக்குகளின் மீதிகளைப் பற்று, வரவு என இரு பக்கமாக எழுதிச் சமன் பார்க்கும் ட்ரையல் பேலன்ஸுக்கு உள்ள ‘இருப்பாய்வு’ என்ற சொல்தான் இடறுகிறது. அரிசிக் கடைக்காரருக்கு இருப்பு என்றால் மூட்டை. இருப்பாய்வு எடுக்கச் சொன்னதும் ஒரு மாணவர், “கிடங்குக்குப் போகவா?” என்று கேட்டார். ‘மீதிப்பட்டியல்’ என்று போடலாமா?

கையேட்டில் உள்ள கணக்கு: உரிமையாளர் ரொக்கமாகப் போட்ட முதல் 50,000 ரூபாய், கடன் கொள்முதல் 20,000, ரொக்க விற்பனை 8,000, ரொக்கமாகத் தந்த வாடகை 3,000. பேரேட்டில் பற்று மீதிகள்: ரொக்கம் 55,000, கொள்முதல் 20,000, வாடகை 3,000. வரவு மீதிகள்: முதல் 50,000, கடனீந்தோர் 20,000, விற்பனை 8,000. இரு பக்கமும் 78,000.

கோவை அன்பர்:
மீதி என்றால் உண்டது போக எஞ்சியது. கணக்கில் நிலைத்து நிற்பது ‘இரு’ என்னும் வேரில் பிறந்த இருப்புதான். மாற்றியே தீர வேண்டுமானால், “சமன்செய்து சீர்தூக்கும் கோல்” என்று வள்ளுவர் தந்திருக்கிறாரே, ‘சீர்தூக்கு’ என்று வைப்போம். அல்லது நம் வணிகர்களின் ‘ஐந்தொகை’ இருக்கிறது.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்:
ஐந்தொகை எங்களுக்கு இதற்கு அடுத்த படி. சொத்தும் பொறுப்பும் காட்டுவது. நீங்கள் கேட்பதை நாங்கள் பரீட்சை மீதி என்கிறோம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உங்கள் பற்று எங்களுக்கு வரவு. உங்கள் வரவு எங்களுக்குச் செலவு. எங்கள் பிள்ளை இந்தக் கையேட்டைத் தலைகீழாகப் படிக்கும். முதலில் அதைத் தீருங்கள்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
ஐயா, அது வெள்ளிக்கிழமைக்குள் தீராது. அம்மா கேட்டதற்கு வருகிறேன். குறிப்பேட்டில் வாடகையைச் சரியாகப் பற்று எழுதிவிட்டு, பேரேட்டில் வாடகைக் கணக்கின் வரவுப் பக்கம் ஏற்றினால் பற்று 75,000, வரவு 81,000 என்று நிற்கும். வேறுபாடு 6,000. அதைப் பாதியாக்கி, 3,000 ரூபாய்ப் பதிவைத் தேடினால் பிழை அகப்படும். அதே வாடகையைக் கொள்முதல் கணக்கில் பற்று வைத்தாலோ இரு பக்கமும் 78,000தான். பிழை தெரியவே தெரியாது. ஆகவே ‘ஆய்வு’ மிகையான வாக்குறுதி. கோலும் எடையைத்தான் சொல்லும். மூட்டைக்குள் அரிசியா தவிடா என்று சொல்லாது. என் வாக்கு மீதிப்பட்டியலுக்கு.

சேலம் வணிகர்:
என் கடையில் ஐந்து மாத வாடகை கொள்முதலில் ஏறிக் கிடந்தது. மொத்த லாபம் குறைந்ததைப் பார்த்து, சரக்கு தருபவர் விலையை ஏற்றிவிட்டார் என்று அவரிடம் சண்டையிட்டேன். சொல் எதுவானாலும் ஐயா சொன்னதை எழுதுங்கள். கடையில் எல்லோரும் ட்ரையல் பேலன்ஸ் என்றுதான் சொல்கிறோம்.

மதுரை ஆசிரியை:
பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இருப்பாய்வு என்றே இருக்கிறது. தேர்வெழுதுவோர் அதைத்தான் சந்திப்பார்கள். எனவே தலைப்பில் இருப்பாய்வு, முதல் வரியில் ‘பேரேட்டு மீதிகளின் பட்டியல்’. வாடகைப் பிழைகள் இரண்டையும் சேர்க்கிறேன். வரவு பற்றி முன்பக்கத்தில் இலங்கை வாசகர்களுக்கு ஒரு குறிப்பு இடுகிறேன்.

கோவை அன்பர்:
‘மீதி’யை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு ‘சீர்தூக்கு’ நிலுவையில் இருக்கட்டும்.