எமிசிவிட்டிக்கும் வியூ ஃபேக்டருக்கும் தமிழில் என்ன சொல்லலாம்?

கயல்விழி:
வணக்கம். உலைக்குள் வெப்பக் கதிர்வீச்சு பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். எமிசிவிட்டிக்கு "உமிழ்திறன்", வியூ ஃபேக்டருக்கு "பார்வைக் காரணி" என்று வைத்திருக்கிறேன். சரியா?

இராகவன்:
"உமிழ்திறன்" வேண்டாம் அம்மா. திறன் என்றால் வாட் கணக்கு. எமிசிவிட்டிக்கு அலகே கிடையாது. தன்மேல் விழும் கதிர்வீச்சை எல்லாம் உறிஞ்சும் ஒரு கரும்பொருள் அதே வெப்பநிலையில் உமிழ்வதில் எத்தனை பங்கு என்பது மட்டும்தான். "உமிழ்மை" என்றால் போதும்.

உலைச் சுவர் 1000 கெல்வின், உள்ளே தொங்கும் சிறு கட்டி 600 கெல்வின் என்று வைப்போம். ஆக்சைடு படிந்த எஃகின் உமிழ்மை சுமார் 0.8, அது சதுர மீட்டருக்கு 39 கிலோவாட்டுக்கு மேல் ஏற்கும். உமிழ்மை 0.1 உள்ள பளபளப்பான அலுமினியம் என்றால் சுமார் 5 கிலோவாட்தான்.

மணி:
அப்படியானால் சுவருக்குக் கருப்புப் பூச்சு அடித்தாலும் கட்டி வேகமாகச் சூடேறும், இல்லையா?

இராகவன்:
கட்டி சிறிதாக இருந்தால் ஏறாது. சுவர் உமிழாமல் விட்ட பங்கை, மற்ற சுவர்களிலிருந்து வருவதைப் பிரதிபலித்து ஈடு செய்துவிடும். 1 மீட்டர் கனசதுர உலையில் 10 செ.மீ. கனசதுர எஃகுக் கட்டி தொங்கினால், சுவரின் உமிழ்மை 0.5 ஆனாலும் 1 ஆனாலும் கட்டி ஏற்பதில் நூற்றுக்கு ஒன்றுகூட மாறாது. ஆனால் சுவருக்கு நேர் எதிரே, கிட்டத்தில், அதே அளவு தகடு நின்றால் நீங்கள் சொல்வது சரி. அங்கே சுவர் 0.5 என்றால் தகடு ஏற்பது கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

"பார்வைக் காரணி"யிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பார்வை என்றால் இருபக்கமும் சமம் போலத் தோன்றும். ஆனால் அது ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் இன்னொரு பரப்பை அடையும் பங்கு. மேலே சொன்ன உலையில் கட்டியிலிருந்து கிளம்புவது முழுவதும் சுவருக்குப் போகிறது, F₁₂ = 1. சுவரிலிருந்து கிளம்புவதில் கட்டிக்கு வருவது நூற்றில் ஒன்று, F₂₁ = 0.01. திசை தெரியும்படி "சென்றடை பங்கு" என்று சொன்னால் என்ன?

சுந்தரம்:
சொல் எதுவானாலும் சரி, எங்கள் உலைக்கு வழி சொல்லுங்கள். உருளைகளை நெருக்கி அடுக்கினால் நடுவில் உள்ளது மட்டும் பிந்திச் சூடேறுகிறது. அதன் எமிசிவிட்டி குறைவு என்று நினைத்து அளந்து பார்த்தோம், எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கிறது.

இராகவன்:
உமிழ்மை காரணமில்லை ஐயா. நடு உருளைக்குச் சுவர் தெரிவதில்லை, பக்கத்து உருளைகள்தான் தெரிகின்றன. அவையும் ஏறக்குறைய அதே சூட்டில் இருப்பதால் அவற்றிலிருந்து அதற்கு நிகரமாகக் கிடைப்பது குறைவு. இடைவெளி விட்டு அடுக்குங்கள். அதற்கு இடமில்லையென்றால், நடுத்துண்டில் தெர்மோகப்புள் வைத்து, அது இலக்கு வெப்பநிலையைத் தொட்ட பிறகுதான், அதே சூட்டில் வைத்திருக்கும் ஊறும் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும்.

கயல்விழி:
உமிழ்மையை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் "சென்றடை பங்கு" என்றால், போய்ச் சேர்ந்ததை எல்லாம் அந்தப் பரப்பு உறிஞ்சிவிட்டது என்று படிப்பவர் நினைக்கமாட்டாரா? நீங்களே "சுவர் தெரிவதில்லை" என்றுதானே விளக்கினீர்கள். "பார்வைப் பங்கு" என்று எழுதி, எதிலிருந்து எதற்கு என்பதை ஒவ்வோர் இடத்திலும் சேர்த்துச் சொல்லலாமா?

மணி:
"காரணி" போய்ப் "பங்கு" வந்ததே நல்லது. கணக்கில் காரணி என்றால் வகுக்கும் எண். மற்றபடி எனக்கு இரண்டும் சம்மதம்.