சினை என்று நினைத்த மாடு: குப்பைமேட்டு மாடுகள் பற்றி உங்கள் அனுபவம்?

தெற்குவீதி:
எங்கள் தெருமுனைக் குப்பைமேட்டில் தினமும் மேயும் ஒரு செவலைப் பசு. ரெண்டு மாசமாக வயிறு பெருத்துக்கொண்டே வந்தது. சினை என்றே நினைத்தோம். கன்று போட்டதும் சீம்பால் கேட்கணும் என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். போன செவ்வாய்க்கிழமை படுத்தது, எழவேயில்லை. டாக்டர் வந்து அறுத்துப் பார்த்தார். கன்று இல்லை. வயிற்றுக்குள் கேரி பேக்கெல்லாம் முறுக்கிய கயிறு மாதிரி பின்னிக் கிடந்தது. அதில் ஒன்றில் போட்ட முடிச்சு அவிழவேயில்லை, உள்ளே கறுத்துப்போன சோறு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் முடிச்சுப் போட்டு எறிவோம். உங்கள் ஊரில் எப்படி?

மணி_74:
விளக்கெண்ணெய் அரை லிட்டர் ஊத்தியிருந்தா எல்லாம் கழிஞ்சிருக்கும். எங்க தாத்தா அப்படித்தான் ஒரு மாட்டைக் காப்பாத்தினார். வயிறு உப்பிக் கிடந்தது, ஒரு மணி நேரத்துல எழுந்து நின்னுச்சு.

கால்நடை_ஓய்வு:
மணி சார், உங்கள் தாத்தா செய்தது சரிதான், ஆனால் அது வேறு நோய். பச்சைத் தீவனம் அதிகம் தின்று நுரை கட்டி உப்பினால் எண்ணெய் அந்த நுரையை உடைக்கும். பிளாஸ்டிக் அப்படிக் கழியாது. முதல் இரைப்பையிலிருந்து அடுத்த அறைகளுக்குப் போகிற வாசல் சின்னது. நன்றாக அரைபட்ட தீவனம்தான் அதில் நுழையும். கவர் அரைபடாது, மக்காது. உள்ளேயே தங்கி வைக்கோலோடு சேர்ந்து உருண்டையாகும். வயிறு நிறைந்திருக்கும், மாடு பட்டினி கிடக்கும். தெற்குவீதி பார்த்த "சினை" அதுதான்: வயிறு பெருக்கும், விலா எலும்பு தெரியும்.

மாடு ஏன் துப்பாது என்று கேட்பார்கள். அதற்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கிவிட்டு, பிறகுதான் அசைபோடும். சாம்பார் வாசனையோடு முடிச்சுப் போட்ட கவர் கிடந்தால், பிரித்துத் தின்ன அதற்கு வழியில்லை.

இடது பக்கம் இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ள குழியில் முஷ்டியால் அழுத்திப் பாருங்கள். பிசைந்த மாவு மாதிரி பள்ளம் அப்படியே நின்று, அசைபோடுவதும் குறைந்து, சாணம் கொஞ்சமாக வந்து, அடிக்கடி உப்பினால் சந்தேகப்படலாம். மருந்தால் எடுக்க முடியாது. நிற்க வைத்தே, அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, இடது விலாப்பக்கம் கிழித்துக் கையால்தான் அள்ளணும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் ஒரு பசுவிடமிருந்து 52 கிலோ எடுத்தார்கள், ஐந்தரை மணி நேரம் ஆனது. படுத்துவிட்ட மாட்டுக்கு இதைச் செய்து பிழைக்க வைப்பது கஷ்டம்.

ராஜா_ரைடர்:
மாடு ராத்திரி நடுரோட்டுல படுத்து, என் வண்டி மோதி ஹெட்லைட் போச்சு. இதுக்கு யார்கிட்ட புகார் குடுக்கிறது?

தெற்குவீதி:
அண்ணே, இது வேற இழை 🙂

நாலுமாடு:
தெரு மாடுன்னு எல்லாரும் சொல்றீங்க, பாதிக்கு மேல வீட்டு மாடுதாங்க. எங்கிட்ட நாலு இருக்கு. காலையில கறந்துட்டு அவுத்து விடுவேன், சாயங்காலம் தானா வரும். மேய்ச்சல் நிலமா இருந்த ஏரிக்கரையில இப்ப மனை போட்டுட்டாங்க. வைக்கோல் வாங்கி நாலுக்கும் கட்டுபடியாகல. அபராதம் போட்டாங்க, கட்டினேன். மறுநாளும் எங்க கட்டிப்போடறது?

குப்பைவண்டி_மேஸ்திரி:
நான் நகராட்சியில் ஒப்பந்த மேற்பார்வை. முதலில் தெருவில் இருந்த தொட்டியை எடுத்தோம், குப்பை குறையவில்லை, அதே இடத்தில் தரையில் குவிந்தது. மாட்டுக்கு இன்னும் வசதி. பிறகு கவனித்தோம்: எங்கள் வண்டி காலை ஏழு மணிக்கு, டிபன் கடைக் கழிவு விழுவது ராத்திரி பத்தரைக்கு. நடுவில் உள்ள நேரம் முழுக்க மாட்டுக்குத்தான். கடைகளுக்கு மட்டும் ராத்திரி பதினொன்றுக்கு ஒரு வண்டி விட்டோம். வீடுகளில் ஈரக்குப்பையைக் கவர் இல்லாமல் வாளியிலேயே கொட்டச் சொன்னோம். முடிச்சோடு வந்தால் வாங்குவதில்லை. மார்க்கெட்டில் கழிக்கிற முட்டைக்கோஸ் இலை, கீரைத்தண்டை வேறாக ஓரிடத்தில் போட்டு, மாட்டுக்காரர்களையே வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னோம். மூன்று வாரத்தில் அந்த முனைக்கு மாடு வருவது குறைந்தது. ஞாயிறு, முகூர்த்த நாள் மட்டும் இன்னும் தோல்விதான். மண்டபத்துக்காரர்கள் யார் பேச்சையும் கேட்பதில்லை.

தெற்குவீதி:
அப்போ நாங்க கவரை அவிழ்த்து சோத்தை மட்டும் மாட்டுக்கு வெச்சா போதுமா டாக்டர்?

கால்நடை_ஓய்வு:
ஒரு கைப்பிடி பரவாயில்லை. விருந்தில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொட்டாதீர்கள். அவ்வளவு சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி, ஒன்றிரண்டு நாளிலேயே மாட்டைச் சாய்க்கும். கவருக்காவது மாசக்கணக்கு ஆகும்.

நாலுமாடு:
மேஸ்திரி அண்ணே, அந்த முட்டைக்கோஸ் இலை எந்த மார்க்கெட்டு, எத்தனை மணிக்கு?