நண்பனுக்கு வேலை கிடைத்தது, தம்பி போனை எடுப்பதில்லை: இந்தக் கடிதத்தை அனுப்பலாமா?

தென்கரை அக்கா:
தம்பியும் அவன் நண்பனும் சேர்ந்தே குரூப் 4-க்குப் படித்தார்கள். நண்பனுக்கு வி.ஏ.ஓ. வேலை கிடைத்துவிட்டது, தம்பிக்கு இல்லை. அன்றிலிருந்து நண்பனின் போனைத் தம்பி எடுப்பதில்லை. நேரில் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறான், அதனால் கடிதமாக எழுதினேன். நண்பன் பெயரை மாற்றியிருக்கிறேன். அனுப்பலாமா?

*அன்புத் தம்பிக்கு,*

*கதிர் நேற்றும் வந்தான். நீ தூங்குவதாகச் சொல்லி அம்மா அனுப்பிவிட்டார்கள். அவன் கொண்டுவந்த ஸ்வீட் பெட்டி பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.*

*உனக்குப் பொறாமை. சொன்னால் கோபப்படுவாய், பரவாயில்லை. ஊரில் யார் யாரோ பாஸ் பண்ணினார்கள், உனக்கு ஒன்றும் ஆகவில்லை. இவன் அதே நூலகத்தில் உன் எதிரே உட்கார்ந்து படித்தவன், அதனால்தான் இவ்வளவு எரிகிறது. அதற்காக நீ கெட்டவன் இல்லை. ஆனால் மாமாவிடம் "அவன் தமிழ்வழியில படிச்சவங்களுக்கான பி.எஸ்.டி.எம். கோட்டாவுல வந்தவன்" என்றாய் பார், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆன்ஸர் கீ வைத்து நீயே போட்ட கணக்கு உன் நோட்டில் இருக்கிறது. அவனுக்கு 171 கேள்வி சரி, உனக்கு 165. கேள்விக்கு ஒன்றரை மார்க் என்றால் 9 மார்க். கோட்டாவே இல்லாவிட்டாலும் அவன் உனக்கு முன்னால்தான்டா.*

*இன்னொன்றும் அதில் இருக்கிறது. பொது அறிவு, கணக்கு சேர்த்து நீ 79, அவன் 77. தமிழில் அவன் 94, நீ 86. அவனிடமே கேள், சொல்லித் தருவான். ஞாயிற்றுக்கிழமை ட்ரீட் வைக்கிறான், போய்க் கைகொடுத்துவிட்டு வா. ஸ்டேட்டஸ் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் மியூட் போட்டுக்கொள், அது அவனுக்குத் தெரியாது.*

*அக்கா*

பழைய பெஞ்ச்:
அனுப்பாதீங்க. "உனக்குப் பொறாமை" என்ற இடத்திலேயே கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிடுவான். வேலை கிடைக்காத வருத்தத்தில் இருப்பவனிடம் இது குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி. ட்ரீட்டுக்குப் போகச் சொல்வது அதைவிட மோசம். அங்கே வருகிற ஒவ்வொருத்தனும் "உனக்கு எவ்வளவுப்பா வந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்பான். நாலு மாதம் விட்டுவிடுங்கள், தானாகச் சரியாகும்.

ரேஷன்கடை ராஜா:
வேலை கிடைத்ததும் நண்பர்கள் மாறிவிடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான் சகோதரி. என் கூட்டாளி ஒருவன் ரெவின்யூவில் சேர்ந்த பிறகு ரோட்டில் பார்த்தால்கூடத் தலையைத் திருப்பிக்கொள்கிறான். கதிர் மாதிரி ஆட்களை விட்டுத் தள்ளுங்கள்.

தென்கரை அக்கா:
அண்ணா, கதிர் மாறவே இல்லை. வீடு தேடி வருவதே அவன்தான். ஒளிந்துகொள்வது எங்கள் வீட்டுப் பிள்ளை.

குறுக்குச்சந்து:
தம்பி சொன்னதில் என்ன தப்பு? 20 சதவீத இடத்தைத் தமிழ்வழிக்குக் கொடுத்துவிட்டால் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் எங்கே போவான்? பத்தாம் வகுப்பு ஒன்றை மட்டும் தமிழில் எழுதிவிட்டு சர்டிபிகேட் வாங்கி வருகிறார்கள். இதில் கோபம் வருவது நியாயம், அதைப் பொறாமை என்று அக்காவே மட்டம் தட்டக் கூடாது.

மேசைவிளக்கு:
தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு பல வருடமாக இருப்பவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் குறுக்குச்சந்துக்கு. 20 சதவீதம் சரி. மற்றது பழைய கதை. 2020-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பதவிக்குரிய கல்வித்தகுதி வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்கு என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை. அந்த விதி நல்லதா கெட்டதா என்று தம்பி தாராளமாகச் சண்டை போடட்டும். ஆனால் விதியின் மேல் உள்ள கோபத்தைக் கதிர் தலையில் இறக்கும்போதுதான் விஷயம் கெடுகிறது. "அவனுக்கு இது தகுதியில்லாமல் வந்தது" என்று ஒருவன் நம்ப ஆரம்பித்தால், அடுத்தவனை இறக்கிப் பேசத்தான் தோன்றும், புத்தகத்தை எடுக்கத் தோன்றாது. அதனால் 9 மார்க் கணக்கைக் கடிதத்திலிருந்து எடுக்காதீர்கள்.

"யார் யாரோ பாஸ் பண்ணினார்கள்" என்ற வரியும் சரியான இடத்தில் கைவைக்கிறது. ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். ஆள் நெருக்கமாகவும் இருந்து, அவன் ஜெயித்த விஷயம் நமக்கு உயிரானதாகவும் இருந்தால்தான் அதிகம் குத்தும். கதிர் கேரம் போர்டில் கப் வாங்கியிருந்தால் தம்பிதான் முதல் ஆளாக ஸ்டேட்டஸ் வைத்திருப்பான். 1980-இல் அவரும் ஸ்மித் என்பவரும் ஒரு சொல் விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் குறிப்புக் கொடுக்க மற்றவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். இது முக்கியமான திறமையைக் காட்டும் என்று சொல்லி ஆடவிட்டபோது, முன்பின் தெரியாதவரைவிட நண்பருக்கே கடினமான குறிப்பைக் கொடுத்தார்கள். இது எங்கோ ஒரு கெட்ட மனசில் நடப்பதில்லை என்று தெரிந்தாலே பாதி வெட்கம் குறையும்.

அப்புறம் ஒரு கேள்வி. கதிர் பேச்சு வராத நேரத்தில் தம்பி எப்படி இருக்கிறான்? சாப்பாடு, தூக்கம்?

தென்கரை அக்கா:
நன்றாகச் சாப்பிடுகிறான், கிரிக்கெட் பார்க்கிறான், அம்மாவைக் கிண்டல் பண்ணுகிறான். கதிர் பைக் சத்தம் கேட்டால் மட்டும் மாடிக்குப் போய்விடுகிறான். பழைய கேள்வித்தாள் கட்டைத் தொடவே இல்லை.

மேசைவிளக்கு:
அப்படியென்றால் இது பொறாமைதான். எல்லாவற்றிலும் மந்தமாக, தூங்காமல் கிடந்தான் என்றால் கடிதத்தை ஓரம் வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஆனால் ட்ரீட் விஷயத்தில் பழைய பெஞ்ச் சொல்வது சரி. பத்துப் பேர் நடுவே முதல் சந்திப்பு வேண்டாம். அதற்கு முன்னால் கதிருக்கு ஒரு போன், இரண்டு நிமிடம் போதும். "சந்தோஷம்டா, எனக்குக் கொஞ்சம் கஷ்டமாவும் இருக்கு, அதான் பேசல" என்று சொல்லிவிட்டால் ஒளிய வேண்டிய வேலை இல்லை. நாள் தள்ளத் தள்ள, ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்பதற்கும் பதில் தயாரிக்க வேண்டிவரும். அதனால் நாலு மாதக் கணக்கை நான் ஏற்க மாட்டேன்.

பழைய பெஞ்ச்:
"கஷ்டமாவும் இருக்கு" என்று எந்தப் பையன் போனில் சொல்வான்? என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்புறம் அந்தத் தமிழ்ப் பாடம் கேட்கிற யோசனை. ஜெயித்தவனிடம் தோற்றவன் ட்யூஷனா? உங்கள் டெஸ்ஸரே நண்பன் உதவ மாட்டான் என்கிறாரே!

மேசைவிளக்கு:
இருவரும் ஒரே போட்டியில் நிற்கும்போது நடந்தது அது. கதிருக்குத் தேர்வு முடிந்துவிட்டது, இப்போது தம்பி எத்தனை மார்க் வாங்கினாலும் அவனுக்கு நஷ்டமில்லை. கதிர் எட்டுக் கேள்வி கூடுதலாகப் போட்டது பத்து வருடம் தமிழிலேயே எல்லாப் பாடமும் படித்ததால் வந்ததாக இருக்கலாம், கோட்டாவைவிட அதுதான் அவனுக்கு உண்மையான சாதகம். தம்பி ஆறிலிருந்து பத்து வரை பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை வரிசையாகப் படிக்கட்டும். வாங்கிக்கொள்கிறவனுக்கு வலிக்கும் என்பதில் மட்டும் நீங்கள் சொல்வது நிஜம். அதனால் அந்த வரியை இப்போதைக்கு எடுத்துவிடலாம்.

குறுக்குச்சந்து:
பத்து வரை முழுக்கத் தமிழ்வழி என்பது எனக்குப் புதிது. ஆனாலும் விதி அநியாயம்தான் என்பேன்.

தென்கரை அக்கா:
சரி, இப்படி மாற்றியிருக்கிறேன். "உனக்குப் பொறாமை" போய், "கதிர் வண்டிச் சத்தம் கேட்டால் நீ மாடிக்குப் போவதைப் பார்க்கிறேன்" என்று வைத்தேன். ட்ரீட்டும் ட்யூஷனும் இல்லை, போன் மட்டும். மார்க் கணக்கு அப்படியே இருக்கிறது.

பழைய பெஞ்ச்:
அந்தக் கணக்குதான் வெடிக்கும். மாமாவிடம் சொன்னதையாவது எடுங்கள்.

தென்கரை அக்கா:
அதை எடுக்க மாட்டேன். மாமா அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், கதிர் காதுக்குப் போவதற்குள் இவன் பேசியாக வேண்டும். கடிதத்தை இன்று ராத்திரி அவன் கேள்வித்தாள் கட்டுக்கு மேல் வைக்கிறேன்.

ரேஷன்கடை ராஜா:
அதைத்தான் அவன் தொடுவதே இல்லை என்றீர்களே. சார்ஜர் பக்கத்தில் வையுங்கள்.