சொதியில் முதற்பால் திரிந்துவிடுகிறது: எந்த இடத்தில் பிசகு?

கேட்டவர்: திருநெல்வேலிச் சொதிக்காக, முந்தைய நாள் துருவிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த ஒரு தேங்காயை, அப்படியே எடுத்து ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மிக்சியில் அரைத்துப் பிழிந்தேன். முதற்பாலே நீர்த்துத்தான் வந்தது. இரண்டாம் பாலில் காய்கள் வெந்ததும் முதற்பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டு, அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். மேலே எண்ணெய் மிதந்தது. குழம்பெங்கும் வெள்ளைத் துகள்கள். யாரேனும் விளக்குவீர்களா?

நாகர்கோவில்காரர்: எலுமிச்சைதான் காரணம். அதை விட்டுவிட்டால் எவ்வளவு கொதித்தாலும் திரியாது.

பாளையங்கோட்டை அம்மா: எலுமிச்சை பாதிக் காரணம்தான், தம்பி. தேங்காய்ப்பாலில் எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். கொதியிலும் அது இறுகிப் பிடியை விட்டுவிடும், புளிப்பிலும் விட்டுவிடும். இந்தச் சொதியில் இரண்டும் ஒன்றாக நேர்ந்திருக்கின்றன.

பால் நீர்த்ததற்குக் காரணம் வேறு. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், குளிர்ந்த துருவலைப் பிழிந்தால் கொழுப்பு சக்கையிலேயே தங்கிவிடுகிறது. துருவலை வெளியே வைத்துக் குளிர்ச்சி போன பிறகு, கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரை அரை டம்ளர் மட்டும் விட்டு, மிக்சியை விட்டு விட்டுச் சுற்றி, துணியில் இறுக்கிப் பிழியுங்கள். கரண்டியின் பின்புறத்தில் பால் படிந்து நின்றால் அதுவே முதற்பால். ஒவ்வொரு டம்ளர் நீர் விட்டு இரண்டாம், மூன்றாம் பாலை எடுத்து, காயையும் பாசிப்பருப்பையும் அவற்றில் வேகவையுங்கள்.

பிறகு தீயை நன்றாகக் குறைத்து, கொதி அடங்கியதும், ஒரு கரண்டி சூடான குழம்பை முதற்பாலில் கலந்து, அந்தப் பாலைக் குழம்பில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். கொப்புளம் வெடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஆவி தணிந்த பிறகுதான் எலுமிச்சை.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: நான் பெட்டியில் வரும் பாலைத்தான் வாங்குகிறேன், நன்றாகக் கொதித்தாலும் திரிவதில்லையே?

பாளையங்கோட்டை அம்மா: அவற்றில் பலவற்றில் திரியாமல் இருப்பதற்கென்றே சில பொருள்களைச் சேர்க்கிறார்கள், ஐயா. அந்த அளவுகோல் வீட்டுப் பாலுக்குப் பொருந்தாது.

நாகர்கோவில்காரர்: ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்துவிட்டால் இத்தனை கவனமும் வேண்டாமே?

பாளையங்கோட்டை அம்மா: தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் சொதி கூழாகிவிடும். மசித்த பாசிப்பருப்பே எனக்குப் போதும்.

கேட்டவர்: நீங்கள் சொன்னபடி செய்ததில் திரியவில்லை, அம்மா. ஆனால் மிச்சத்தை மறுநாள் சூடாக்கியபோது மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தது. துகள்கள் இல்லை.

நாகர்கோவில்காரர்: என் வீட்டில் அரிசி மாவு விட்டும் மறுநாள் அப்படித்தான் ஆகிறது. இதற்கு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.