வட்ட எழுத்து கோட்டைத் தாண்டுவதற்குப் பெயர்: மிகைநீட்சியா, வேறா?

குன்னூரிலிருந்து:
வணக்கம். இங்கே ஒரு தங்கும் விடுதிக்குப் பெயர்ப்பலகை செய்கிறேன். ஊர்ப் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் கேட்டார்கள், அதில் நாலு ஓ, முன்னால் சி, கடைசியில் ஆர், நடுவில் ஒரே ஒரு "என்". எல்லாவற்றையும் 200 மி.மீ. உயரத்தில் வெட்டி வாங்கினேன், ஓ சுத்தமான வட்டம். மாட்டிப் பார்த்தால் "என்" எழுத்தும் ஆரும் நிமிர்ந்து நிற்க, ஓ நாலும் சூம்பிப் போன மாதிரி தெரிகிறது. அளந்தும் பார்த்துவிட்டேன், 200தான். வட்ட எழுத்தைக் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி வரைய வேண்டும், அதற்கு ஓவர்ஷூட் என்று பெயர் என்று படித்தேன். தமிழில் "மிகைநீட்சி" எனலாமா?

கோத்தகிரியிலிருந்து:
இது எங்களுக்குப் பழகிய சொல்தான். தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் சூட்டை ஒரு அளவில் வைத்தால், அதைத் தாண்டிப் போய்ப் பிறகுதான் இறங்கி நிற்கும். நான் "மிகைவீச்சு" என்று எழுதுகிறேன். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து:
காரணம் பரப்புதான். 200 மி.மீ. வட்டம் அதே அளவு சதுரத்தில் 78.5 சதவீதத்தைத்தான் நிரப்பும், மிச்சம் நாலு மூலையிலும் காலி. பரப்பு சமமாகும்வரை வட்டத்தைப் பெரிதாக்கினால் போதும். பெயர் "பரப்பு ஈடு".

ஊட்டியிலிருந்து:
கொடைக்கானல் தம்பி, பாதி சரி. பரப்பைச் சமமாக்கினால் ஓ கிட்டத்தட்ட 226 மி.மீ. வரும், பூசணிக்காய் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். கண் மொத்தப் பரப்பைக் கணக்குப் போடுவதில்லை, கோட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு கறுப்பு இருக்கிறது என்பதுதான் உயரத்தைச் சொல்கிறது. தட்டையான எழுத்து கோட்டில் தன் கால்களின் முழு அகலத்துக்கும் உட்காருகிறது. வட்டமோ ஒரே புள்ளியில் தொடுகிறது, அந்தப் புள்ளியிலிருந்து 3 மி.மீ. உள்ளே வந்த பிறகுதான் அதன் அகலம் 49 மி.மீ. ஆகிறது. அதனால் அந்த 3 மி.மீட்டரைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடுகிறோம். மேலே 3, கீழே 3, ஓவின் உயரம் 206. ஒவ்வொரு பக்கமும் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் என்று வைத்துத் தொடங்கலாம், தடித்த எழுத்தா மெல்லிய எழுத்தா என்பதைப் பொறுத்துக் கூடும் குறையும்.

கோத்தகிரி அண்ணா, உங்கள் டிரையரில் தாண்டுவது பிழை, அது அடங்க வேண்டும். இங்கே வேண்டுமென்றே தாண்டுகிறோம், அடங்கவே கூடாது. அதனால்தான் "மிகை", "மீறல்" இரண்டும் எனக்கு உறுத்துகின்றன, படிக்கிற மாணவன் அதைத் திருத்த வேண்டிய தவறு என்று நினைத்துக்கொள்வான். "ஈடு" நல்ல சொல், கண் குறைத்துப் பார்ப்பதை ஈடுகட்டுகிறோம். "வளைவீடு" என்று சொல்லத் தோன்றியது, ஆனால் ஆங்கில ஏ எழுத்தின் கூர்முனையும் இதே காரணத்துக்காகத் தாண்டும், அங்கே வளைவே இல்லை. ஆகவே "விளிம்பீடு".

குன்னூரிலிருந்து:
அக்கா, 206இல் மறுபடி வெட்டி மாட்டினேன். இப்போது ஓக்கள் சிறிதாகத் தெரியவில்லை, ஆனால் மேலே மிதக்கிற மாதிரி இருக்கின்றன!

ஊட்டியிலிருந்து:
எல்லா எழுத்தையும் ஒரே சட்டத்தின் மேல் உட்கார வைத்தீர்களா? அப்படியானால் 6 மி.மீட்டரும் மேலேயே போயிருக்கும். ஓவையும் சியையும் 3 மி.மீ. கீழே இறக்குங்கள், நூலைக் கட்டி "என்" எழுத்தின் அடியை மட்டும் பாருங்கள். சாலையில் ஆட்கள் நின்று பார்க்கிற தூரத்துக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அப்போது ஓ தனியாகக் கண்ணில் பட்டால் அளவு கூடிவிட்டது.

கொடைக்கானலிலிருந்து:
தமிழுக்கு இது வேண்டுமா? நம் எழுத்தில் பாதி வளைவுதானே.

ஊட்டியிலிருந்து:
வளைவும் தட்டையும் பக்கத்தில் வருவதால்தான் வேண்டும். ப, ட இரண்டுக்கும் அடி தட்டை, ல எழுத்துக்கு அடி வளைவு. "பல" என்று பெரிதாக எழுதி ல எழுத்தின் அடியைக் கோட்டோடு நிறுத்திப் பாருங்கள், ஒட்டாமல் நிற்கும். என் எழுத்துருவில் 1000 அலகுக்கு 12 விடுகிறேன். ஆங்கில எழுத்துகளுக்கு அதை எழுத்துருக் கோப்பில் இப்படி எழுதி வைப்போம், 0 அடிக்கோடு, 700 பெரிய எழுத்தின் உச்சி:

```
/BlueValues [-12 0 700 712] def
```

திரையில் 16 பிக்சலில் அந்த 12 அலகு பிக்சலில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அதை முழுப் பிக்சலாக ஏற்றிவிட்டால் ஓ அசிங்கமாக வீங்கும், அதனால் சின்ன அளவில் அதை அடக்கச் சொல்லத்தான் இந்த வரி.

கோத்தகிரியிலிருந்து:
பிழை இல்லை என்பது புரிந்தது. ஆனாலும் "விளிம்பீடு" கேட்டால் எனக்கு எந்தப் படமும் வரவில்லை. "கோடுதாண்டல்" என்றால் பலகை எழுதுகிறவருக்கே சட்டென்று புரியும்.

குன்னூரிலிருந்து:
இறக்கிவிட்டேன், இப்போது நாலு ஓவும் வரிசையில் உட்கார்ந்துவிட்டன. கடைக்காரப் பையனிடம் "கோடுதாண்டல்" என்றேன், விளக்கம் கேட்காமல் தலையாட்டினான். ஆனால் ஏன் தாண்டுகிறோம் என்பதைச் சொல்வது "விளிம்பீடு"தான். கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் போட்டு வைக்கிறேன், பழநிப் பக்கத்துப் பலகைக்காரர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டு எழுதுங்கள்.