லாங் பிளாக் ஏன் இவ்வளவு கசக்குது? ரிஸ்ட்ரெட்டோ கேக்கணுமா, லுங்கோவா?

பிரபு (மெல்பர்ன்): வேலைக்காக இப்பதான் மெல்பர்ன் வந்திருக்கேன். ஆபீஸ் கீழ இருக்கிற கஃபேல எல்லாரும் வாங்குறாங்களேன்னு நானும் லாங் பிளாக் வாங்குறேன். பாதிக்கு மேல இறங்க மாட்டேங்குது, கசப்பு தொண்டையிலயே நிக்குது. வீட்டுல ஒரு பாட் மிஷின் இருக்கு. கப் நிறைய வரட்டுமேன்னு லுங்கோ பட்டனை அமுக்கினா அது இன்னும் மோசம். கூட வேலை பாக்குறவர் ரிஸ்ட்ரெட்டோ வாங்கச் சொன்னார். வாங்கினேன், ரெண்டு மடக்குல முடிஞ்சுபோச்சு. எனக்கு ஸ்ட்ராங்கா இருக்கணும், கசக்கக் கூடாது, கொஞ்ச நேரம் வச்சுக் குடிக்கவும் வேணும். கவுன்ட்டர்ல என்னன்னு சொல்லிக் கேக்குறது?

கார்த்தி (சிட்னி): ரிஸ்ட்ரெட்டோதான் நண்பா ஸ்ட்ராங். எவ்வளவு கெட்டியா இருக்கு, அப்போ காஃபினும் அதுலதானே அதிகம். லுங்கோவும் லாங் பிளாக்கும் ஒண்ணுதான், பேருதான் வேற. ரெண்டுலயும் தண்ணி ஜாஸ்தி, அவ்வளவுதான்.

சாந்தி: தம்பி, எதுக்கு இந்த வம்பு? டான்டினாங் பக்கம் நம்ம ஊர்க் கடைகள்ல சிக்கரி கலந்த ஃபில்டர் தூள் கிடைக்குது, எவர்சில்வர் ஃபில்டரும் வச்சிருப்பாங்க. ராத்திரியே டிகாஷன் இறக்கி வச்சிட்டா காலைல பால் காய்ச்ச வேண்டியதுதான்.

பிரபு: வீட்டுக்குச் சரிங்கக்கா, வாங்கிடுறேன். ஆனா நான் கேக்குறது ஆபீஸ்ல குடிக்கிறதுக்கு.

ஈசன் (மெல்பர்ன்): நான் இஞ்ச கஃபேல கோப்பி போடுற வேலைதான் செய்யிறன். கார்த்தி சொன்னதில பாதி சரி.

மூண்டுக்கும் போடுற தூள் ஒரே அளவுதான். எங்கட கடையில டபுள் ஷாட்டுக்கு 20 கிராம். அதில 30 கிராம் கோப்பி இறங்கினதும் நிப்பாட்டினால் ரிஸ்ட்ரெட்டோ. 40 வரைக்கும் விட்டால் வழக்கமான ஷாட், இஞ்ச ஷார்ட் பிளாக் எண்டு சொல்லுவினம். 60, 70 எண்டு ஓட விட்டால் லுங்கோ. எங்க நிப்பாட்டுறம் எண்டதுதான் வித்தியாசம்.

முதல்ல இறங்கிறது புளிப்பும் கெட்டித்தன்மையும், அதோட காஃபினில பெரும்பங்கும். இனிப்பு நடுவில வரும். கடைசியில வாறது நாக்கை வறள வைக்கிற கசப்பு. அதால ரிஸ்ட்ரெட்டோ ஒவ்வொரு மடக்கும் ஸ்ட்ராங், ஆனால் முழுக் கப்பையும் எடுத்துப் பார்த்தால் காஃபின் லுங்கோவை விடக் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும். லுங்கோ தண்ணியா இருந்தாலும் கசக்கிறதுக்குக் காரணம் அந்தக் கடைசிப் பங்குதான். உங்கட ஊர்ல ஃபில்டர்ல ரெண்டாவது தரம் தண்ணி விட்டு எடுக்கிற டிகாஷனை நினைச்சுப் பாருங்கோ.

லாங் பிளாக் வேற விஷயம். கப்பில முதல் 100 மில்லி அளவு சுடுதண்ணி, அதுக்கு மேல 40 கிராமில நிப்பாட்டின டபுள் ஷாட். அந்தத் தண்ணி தூளுக்குள்ளால போகவே இல்லை. அதால கோப்பி ஐதாகும், கசப்பு புதுசா ஏறாது.

நம்பாட்டி, மிஷின் வச்சிருக்கிற ஆரின்ரையாவது வீட்டில செய்து பாருங்கோ. ஒரு ஷாட் ஓடேக்க மூண்டு சின்னக் கப்பை மாத்தி மாத்திப் பிடியுங்கோ. முதல் கப் கறுத்து, பாணி மாதிரி இருக்கும், புளிப்பில முகம் சுளிக்கும். ரெண்டாவது பரவாயில்லை. மூண்டாவது வெளிறின மஞ்சள் தண்ணி. அதைத் தனியக் குடிச்சால் உங்கட தொண்டையில நிக்கிறது என்ன எண்டு தெரியும்.

பிரபு: அப்போ லாங் பிளாக் கசக்கக் கூடாதே அண்ணா? எனக்குக் கசக்குதே!

ஈசன்: ஷாட்டை அளவுக்கு மேல ஓட விட்டிருப்பினம், இல்லாட்டி கொட்டை கடுமையா வறுத்ததா இருக்கும். கவுன்ட்டர்ல நிக்கேக்க மிஷினைப் பாருங்கோ. கப்பை எடுக்க முன்னமே ஓடுற கோப்பி நல்லா வெளிறிப்போய் நூலாட்டம் வந்தால் கூட ஓடிட்டுது. அப்பிடி இல்லாமலும் கசந்தால் வறுவல்தான், அதுக்கு வேற கடைதான் பார்க்க வேணும். இன்னொண்டு, மேல நிக்கிற நுரையே கசக்கும். கலக்காமல் குடிச்சால் முதல் மடக்கு முழுக்க அதுதான். கரண்டியால ஒருக்கா கலக்கிப் பாருங்கோ.

கேக்கிற விதம்: "லாங் பிளாக், ரிஸ்ட்ரெட்டோ ஷாட்டில, தண்ணி பாதி." பீக் நேரத்திலயும் இதைச் செய்து தருவினம்.

பாட் மிஷின்ல சின்னக் கோப்பிக்கான பாட்டைப் போட்டு லுங்கோ பட்டனை அமத்திறீங்களோ? உள்ள இருக்கிறது அஞ்சாறு கிராம் தூள். அதுக்குள்ளால 110 மில்லி தண்ணியை விட்டால் கசக்காமல் என்ன செய்யும்? 40 மில்லி பட்டனை அமத்தி எடுத்துப்போட்டு, கெட்டில்ல இருந்து சுடுதண்ணி விடுங்கோ.

முரளி: சின்ன ஆட்சேபம். ஷாட்டைப் பாதியில வெட்டுனா அது ரிஸ்ட்ரெட்டோ ஆயிடுமா? தூளை இன்னும் நைஸா அரைச்சு, அதே 25, 30 செகண்ட் ஓடியும் கம்மியா இறங்குற மாதிரி செட் பண்ணணும். சும்மா வெட்டுனா வெறும் புளிப்புதான் மிஞ்சும். அதுவும் லேசா வறுத்த கொட்டைன்னா எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி இருக்கும்.

ஈசன்: முறைப்படி நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் காலமை எட்டரைக்கு வரிசை வாசல் வரைக்கும் நிக்கேக்க ஒரு கப்புக்காக ஆரும் கிரைண்டரை மாத்த மாட்டினம், கப்பைத்தான் முதல்ல எடுப்பினம். கடுமையா வறுத்த கொட்டைக்கு அது நல்லாத்தான் இருக்கு. நைஸா அரைச்சால் சில நேரம் தண்ணி ஒரு பக்கத்தால ஓட்டை போட்டுக்கொண்டு ஓடி, புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வரும். இதில எங்கட கடைக்குள்ளயே ரெண்டு கட்சி இருக்கு.

நித்யா: நான் மாசமா இருக்கேன். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்கு மேல வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. ரிஸ்ட்ரெட்டோல குறைவுன்னா அதுக்கு மாறிடட்டுமா?

ஈசன்: அதை நம்பி மாறாதேங்கோ தங்கச்சி, வித்தியாசம் பெரிசில்லை. தூளைக் குறைச்சால்தான் காஃபின் குறையும். கன இடங்களில லாங் பிளாக் எண்டால் கேக்காமலே டபுள் ஷாட்தான், அதால சிங்கிள் ஷாட் எண்டு சொல்லிக் கேளுங்கோ. ஒரு கப்பில எத்தனை மில்லிகிராம் எண்டு கஃபேல ஆரும் அளக்கிறதில்லை, கடைக்குக் கடை மாறும். மிச்சத்தை உங்கட டொக்டரிட்டயே கேளுங்கோ.

பிரபு: பாட் விஷயம் பலிச்சிருச்சு அண்ணா. அதே பாட், 40 மில்லி பட்டன், மேல ஒரு அரை கப் சுடுதண்ணி. கசப்பு நல்லாவே குறைஞ்சிருக்கு. கஃபேல நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன், அந்தப் பொண்ணு மறுபேச்சு பேசாம போட்டுக் கொடுத்துச்சு. தொண்டையில நிக்கல, ஆனா முரளி சொன்ன புளிப்பு லேசா இருக்கு.

ஈசன்: அப்ப அடுத்த முறை ரிஸ்ட்ரெட்டோவை விட்டுட்டு வழக்கமான ஷாட்டே வாங்குங்கோ, தண்ணியை மட்டும் பாதியாக்கினால் போதும். பால் சேர்த்துக் குடிப்பீங்கள் எண்டால் "மேஜிக்" கேட்டுப் பாருங்கோ. டபுள் ரிஸ்ட்ரெட்டோவுக்குச் சின்னக் கப்பில முக்கால் அளவு பால். பாலில அந்தப் புளிப்பு தெரியாது, கோப்பி மட்டும் எழும்பி நிக்கும்.

சாந்தி: பாருங்க, கடைசியில பால்லதான் வந்து நின்னிருக்கீங்க!

கார்த்தி: சிட்னில மேஜிக்னு கேட்டேன், "அது என்ன?"ன்னு திருப்பிக் கேக்குறாங்க.

ஈசன்: அது மெல்பர்ன் பேர். அங்க "டபுள் ரிஸ்ட்ரெட்டோ ஃபிளாட் வைட், முக்கால் கப்" எண்டு கேளுங்கோ, விளங்கும்.